பின்னால் வந்த பற்று

ஐக்கிய அமெரிக்காவிலே கல்வி கற்கச் சென்றிருக்கும் நம்மவர் பிள்ளைகள் வீட்டுக்கு எழுதும் செய்திகளில், “கணக்கில் பணம் இருந்தது, பார்த்துத்தான் எடுத்தேன், ஆயினும் வங்கி தண்டம் போட்டுவிட்டது” என்னும் முறைப்பாடு இடைக்கிடை வருவதுண்டு. பெற்றோர் இதைக் கேட்டதும் பிள்ளையின் கணக்கறிவிலே ஐயம் கொள்வர். பிள்ளையோ வங்கியின் நேர்மையிலே ஐயம் கொள்ளும். பெரும்பாலும் இருபாலாரும் ஐயுறவேண்டியது வேறொன்றை. வங்கித் திரையில் காணப்படும் மீதி எதனைக் குறிக்கிறது, எதனைக் குறிக்கவில்லை என்பதே அது. அதனை அறிந்துகொண்டால், போடப்பட்ட கட்டணங்களுள் எதனைத் திருப்பிக் கேட்கலாம், எதனைக் கேட்பது வீண் என்பதும் தெளிவாகும்.

டெபிட் காட் எனப்படும் பற்று அட்டையைக் கொண்டு கடையிலே பொருள் வாங்கும்போது, பணம் அக்கணமே கடைக்காரரிடம் போய்ச் சேர்வதில்லை. நடப்பன இரண்டு நிகழ்ச்சிகள். முதலிலே கடை, “இவ்வளவு தொகை உண்டா?” என்று வங்கியைக் கேட்கிறது. வங்கி “உண்டு” என்று அனுமதி கொடுத்து, அத்தொகையைக் கணக்கிலே தடுத்துவைக்கிறது. பணம் கணக்கைவிட்டு வெளியேறவில்லை. வாடிக்கையாளர் தொடமுடியாதபடி ஒதுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. ஒரு நாளோ, மூன்று நாளோ, ஒரு வாரமோ கழித்துக் கடை தன் கோரிக்கையை அனுப்பும்போதுதான் தொகை உண்மையாகக் கழிக்கப்பட்டு ஏட்டிலே பதிகிறது. ஆகவே ஒரே கணக்குக்கு இரண்டு மீதிகள் உள்ளன. பதிந்தவற்றை மாத்திரம் கொண்டு கணிப்பது ஏட்டு மீதி. அதிலிருந்து தடுத்துவைத்த தொகைகளைக் கழித்துக் காட்டுவது பயன்படுத்தக்கூடிய மீதி.

இங்கேதான் இடர் தோன்றுகிறது. வங்கி அத்தடுப்பை எல்லையின்றி வைத்திருப்பதில்லை. சில நாட்களுக்குள் கடையின் கோரிக்கை வராவிட்டால் தடுப்புத் தானாகவே நீங்கிவிடும். பல வங்கிகளில் இது மூன்று நாள் அளவிலேயே நிகழ்கிறது. ஆனால் கடைக்குக் கிடைத்த அனுமதி அதைவிட நீண்ட காலம் செல்லுபடியாகும். தடுப்பு நீங்கினாலும் கடையின் உரிமை நீங்குவதில்லை. பொருளை அனுப்பும் நாளிலேதான் பணத்தைக் கோருவது என்னும் வழக்கமுள்ள அஞ்சல் வாணிபக் கடைகளிடம் இந்த இடைவெளி அடிக்கடி ஏற்படும். உணவுச்சாலைகளிலும் விடுதிகளிலும் ஏற்படுவதுண்டு. தடுப்பு நீங்கிய நாளுக்கும் கோரிக்கை வந்த நாளுக்கும் இடையே, செலவழித்துவிட்ட பணம் செலவழியாத பணம் போலத் திரையிலே மீண்டும் தோன்றும். எவரும் அறிவித்தல் விடுப்பதில்லை. அந்த இடைவெளியிலே ஒருவர் பணம் எடுத்தால், பின்னால் வரும் பற்று வெறுங்கணக்கிலே விழும்.

ஒரு மாணவரின் கணக்கு

கருத்தை மாத்திரம் கூறிச் செல்வதிலும், ஒரு கணக்கை எழுதிப் பார்ப்பது நன்று. நாம் இங்கு தரும் மாணவரும் அவருடைய தொகைகளும் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. நடைமுறையோ வங்கிகளிலே உள்ளபடியானது.

திங்கட்கிழமை, 2ஆம் திகதி. மாணவரின் கணக்கில் 378 டொலர் உண்டு. 148 டொலருக்குப் பாடநூல்கள் வேண்டுமென்று ஒரு புத்தகக் கடைக்குக் கட்டளை கொடுக்கிறார். வங்கி அனுமதிக்கிறது. ஏட்டு மீதி 378 ஆகவே இருக்க, பயன்படுத்தக்கூடிய மீதி 230 ஆகிறது. வியாழக்கிழமை, 5ஆம் திகதி. ஒரு நூல் கையிருப்பில் இல்லாமையால் கடை இன்னும் பொதியை அனுப்பவில்லை. தடுப்பின் தவணையோ முடிந்துவிட்டது. பயன்படுத்தக்கூடிய மீதி மறுபடியும் 378 என்று காட்டுகிறது. வெள்ளிக்கிழமை மாலை, அறை வாடகைக்காக ஏ.ரி.எம். இயந்திரத்தில் 300 டொலர் எடுக்கிறார். எடுக்குமுன் மீதியைப் பார்க்கவும் செய்கிறார். எஞ்சியது 78.

அடுத்த திங்கட்கிழமை, 9ஆம் திகதி, புத்தகக் கடையின் 148 டொலர் வந்து பதிகிறது. 78இலிருந்து 148ஐக் கழித்தால் மீதி 70 டொலர் கடன். இதனையே வங்கியாளர் மேலதிகப்பற்று என்பர். வங்கி அதற்கென 35 டொலர் கட்டணம் விதிக்கிறது. கடன் 105 ஆகிறது. செவ்வாய்க்கிழமை பகுதிநேர வேலைச் சம்பளம் 120 டொலர் வந்து சேர, கணக்கு 15 டொலருக்கு ஏறுகிறது. புதன்கிழமை, 11ஆம் திகதி, தொலைபேசிக் கட்டணமான 40 டொலர், மாணவர் முன்னரே கொடுத்திருந்த நிலையான உத்தரவின்படி வங்கிக் கணக்கிலிருந்து மின்வழியாகக் கழிக்கப்படுகிறது. கணக்கு 25 டொலர் கடனாகிறது. மீண்டும் 35 டொலர் கட்டணம், கடன் 60. ஐந்து வேலை நாட்கள் தொடர்ந்து கடனிலே இருந்தமைக்காக, மறு புதன்கிழமை, 18ஆம் திகதி, நீடித்த கடன் கட்டணம் என்று இன்னும் 25 டொலர். முடிவிலே 85 டொலர் கடன்.

மூன்று கட்டணங்களும் சேர்ந்து 95 டொலர். இவை இல்லாதிருந்தால் கணக்கு எப்படி இருந்திருக்கும்? 70 கடன், அதன்மேல் 120 வரவு, எனவே 50. அதிலிருந்து 40 கழிந்து 10 டொலர் கையிலே நின்றிருக்கும். இந்த இரண்டாவது கணக்கை நேயர்கள் மறவாதிருக்க வேண்டும். வங்கியோடு வாதாடும்போது நம்முடைய முதன்மையான சான்று அதுவே.

கடன் வேறு, கட்டணம் வேறு

முதலிலே கேட்கத் தகாததைச் சொல்லிவிடுவோம். 148 டொலர் நியாயமான கடன். நூல்கள் வந்து சேர்ந்தன. 300 டொலரும் மாணவர் கைக்கே வந்தது. ஆகவே 9ஆம் திகதி ஏற்பட்ட 70 டொலர் கடனை வங்கி மன்னிக்க வேண்டியதில்லை. “தடுப்பை ஏன் நீக்கினீர்கள்?” என்று வங்கியையும், “ஏன் தாமதித்தீர்கள்?” என்று கடையையும் கேட்டுக்கொண்டிருப்பதால் பயன் பெரிதாக விளையாது. கணக்கு ஒப்பந்தத்திலே, தடுப்பு நீங்கினும் பற்று பின்னர் வரலாம் என்று பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். வாதம் முழுவதும் கட்டணத்தைப் பற்றியதாகவே இருத்தல் வேண்டும். இரண்டையும் குழப்பி எழுதும் கடிதத்தை வங்கி எழுத்தர் எளிதிலே மறுத்துவிடுவார்.

இனி முதற் கட்டணம். இங்கே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே. மாணவர் மேலதிகப்பற்றுச் சேவைக்கு இசைவு கொடுத்திருந்தாரா? 1978ஆம் ஆண்டு மின்வழிப் பணமாற்றுச் சட்டத்தின்கீழ் உள்ள ஒழுங்குவிதி ஈ, 2010ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதி தொடக்கம் ஒரு கட்டுப்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஏ.ரி.எம். மீளெடுப்புக்கும், ஒரே தடவை நிகழும் பற்று அட்டைக் கொள்வனவுக்கும், வாடிக்கையாளர் முன்கூட்டியே தனியாக இசைந்தாலன்றி வங்கி மேலதிகப்பற்றுக் கட்டணம் விதிக்கலாகாது என்பதே அது. கணக்குத் திறக்கும் பத்திரத்தின் நடுவே புதைந்துகிடக்கும் ஒரு வாசகம் இசைவாகாது. இதற்கென்று வேறாகக் கொடுக்கப்பட்ட அறிவித்தல் இருக்க வேண்டும். அதற்கு வாடிக்கையாளர் உடன்பட்டிருக்க வேண்டும். உடன்பட்டதை உறுதிப்படுத்தி வங்கி எழுத்திலே அறிவித்திருக்கவும் வேண்டும்.

இதற்கு வங்கி ஒரு மறுமொழி கூறக்கூடும். “நாங்கள் அனுமதி கொடுத்த வேளையிலே பணம் இருந்தது. அனுமதி கொடுத்தபின் கடைக்குப் பணம் கொடுக்க நாங்கள் கட்டுண்டவர்கள். ஆகவே கட்டணமும் நியாயமே” என்பது அம்மறுமொழி. முதற்பகுதி உண்மை, முடிவோ பிழை. கடைக்குப் பணம் கொடுக்கும் கடமை வங்கிக்கு உண்டு. கொடுத்த பணத்தை வாடிக்கையாளரிடம் அறவிடும் உரிமையும் உண்டு. இசைவு இல்லாதவிடத்து, அதற்காகக் கட்டணம் விதிக்கும் உரிமை மாத்திரம் இல்லை. விதியின் உத்தியோகபூர்வ விளக்கவுரை, பணம் போதும் என்று நம்பி அனுமதித்த வங்கிகளையும் இத்தடைக்குள் அடக்குகிறது. எனவே இசைவு கொடாத மாணவரின் 35 டொலர் வெறும் சலுகையாக அன்றிச் சட்டப்படி திரும்பிவர வேண்டிய பணமாகும்.

இசைவு கொடுத்திருந்தால் நிலை சற்றுச் சிக்கலானது. அனுமதி பெற்ற வேளையில் போதிய பணம் இருந்து, பதியும் வேளையிலே மாத்திரம் போதாமற்போன பற்றுக்குக் கட்டணம் விதிப்பது நேர்மையற்ற செயல் என்று நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் 2022ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஒரு சுற்றறிக்கை விடுத்தது. சாதாரண மனிதர் ஒருவர் எதிர்பார்க்கவோ தவிர்க்கவோ முடியாத தண்டம் என்பது அதன் நியாயம். அதற்கு முந்திய மாதமே, இத்தகைய கட்டணங்களுக்காக ரீஜன்ஸ் வங்கி குறைந்தது 141 மில்லியன் டொலரை வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுத்து, 50 மில்லியன் டொலர் தண்டமும் செலுத்த வேண்டுமென்று அப்பணியகம் கட்டளையிட்டிருந்தது. பின்னர் ஆட்சி மாறியது. 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் பணியகம் தன் பழைய வழிகாட்டுக் குறிப்புகள் பலவற்றை ஒருங்கே மீட்டுக்கொண்டபோது இச்சுற்றறிக்கையும் அவற்றோடு போயிற்று. ஆகையால் “சுற்றறிக்கை இப்படிச் சொல்கிறது” என்று இன்று எழுதுவது பயன் தராது. நேர்மையற்ற செயல்களைத் தடுக்கும் மூலச்சட்டம் நீக்கப்படவில்லை; அதன்மேல் வாதம் செய்யலாம். அன்றியும், அந்த ஆண்டுகளிலே பல வங்கிகள் இவ்வகைக் கட்டணத்தைத் தாமாகவே கைவிட்டன. சிற்றி வங்கி 2022இல் மேலதிகப்பற்றுக் கட்டணத்தையே முழுவதும் ஒழித்துவிட்டது. ஆகவே இசைவு கொடுத்தவர் முதலிலே தம் வங்கியின் கட்டண அட்டவணையைப் படித்துப் பார்த்தல் வேண்டும். அனுமதித்த நேரத்திலே பணம் இருந்தால் கட்டணம் இல்லை என்று அந்த வங்கியே எழுதிவைத்திருக்கவும் கூடும். அப்படியாயின் வேறு சட்டம் தேடவேண்டியதில்லை.

இரண்டாவது கட்டணத்தைப் பலர் முதலாவதைப் போன்றதென்றே எண்ணுவர். அது வேறு. தொலைபேசி நிறுவனம் கணக்கிலிருந்து நேரே கழிக்கும் தொகை பற்று அட்டைக் கொள்வனவு அன்று. காசோலைகளும், மின்வழி நேர்க்கழிப்புகளும், மாதந்தோறும் அட்டையிலே தானாக விழும் சந்தாக்களும் மேற்கூறிய இசைவு விதிக்குப் புறம்பானவை. இசைவு கொடாதவரிடமும் இவற்றுக்குக் கட்டணம் வாங்க வங்கிக்கு இடமுண்டு. எனவே “நான் இசையவில்லை” என்ற வாதம் இங்கே செல்லாது.

ஆயினும் நம் மாணவருக்கு வேறொரு வாதம் உண்டு. அதற்காகவே இரண்டாவது கணக்கை நினைவில் வைக்கச் சொன்னோம். முதற் கட்டணம் விதிக்கப்படாதிருந்தால் சம்பளம் வந்தபின் 50 டொலர் இருந்திருக்கும். 40 டொலர் தொலைபேசிக் கட்டணம் குறைவின்றித் தீர்ந்திருக்கும். விதிக்கத் தகாத 35 டொலரே கணக்கைப் பள்ளத்திலே தள்ளியது. முதலாவது திரும்பினால் இரண்டாவதும் திரும்பவேண்டியதே. நீடித்த கடனுக்கான 25 டொலரும் அதே வழியிலே விழுகிறது. ஏனெனில் கணக்கு 11ஆம் திகதி தொடக்கம் கடனிலே நின்றமைக்கும் அக்கட்டணங்களே காரணம்.

செவ்வாய்க்கிழமைச் சம்பளம் வராதிருந்தால் என் செய்வது? அப்பொழுது 70 டொலர் கடனின்மேல் 40 டொலர் விழுகிறது. முதற் கட்டணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொலைபேசிக் கட்டணத்துக்குப் பணம் இல்லை. இரண்டாவது 35 டொலர் தன் காலிலேயே நிற்கிறது. அதனைத் தயவாகக் கேட்கலாமேயன்றி உரிமையாகக் கேட்க முடியாது. நீடித்த கடன் கட்டணத்திலோ ஒரு நுட்பம் உண்டு. இசைவு இல்லாதவரின் கடன் முழுவதும் அட்டைக் கொள்வனவினாலேயே ஏற்பட்டதாயின், எத்தனை நாள் நீடித்தாலும் அக்கட்டணம் ஆகாது. ஒரு பகுதி காசோலையாலோ நேர்க்கழிப்பாலோ ஏற்பட்டதாயின், அந்த நேர்க்கழிப்பு விழுந்த நாளிலிருந்தே நாட்களை எண்ணலாம். நம் கணக்கிலே 11ஆம் திகதி தொடங்க வேண்டிய எண்ணிக்கையை வங்கி 9ஆம் திகதியிலே தொடங்கியிருந்தால், அதனை எடுத்துக்காட்டத் தவறக்கூடாது.

ஏ.ரி.எம்.மில் எடுத்த 300 டொலருக்குக் கட்டணம் விதிக்கப்பட்டிருந்தால் அது வெளிப்படையான பிழை. எடுத்த வேளையிலும் பதிந்த வேளையிலும் பணம் இருந்தது. வேற்று வங்கியின் இயந்திரத்தைப் பயன்படுத்தியமைக்கான இரண்டு மூன்று டொலர் வேறு விடயம். அதனை இதனோடு சேர்த்து வாதாட வேண்டாம்.

சான்றும் கடிதமும்

கணக்குக்கூற்றிலே ஒவ்வொரு கொள்வனவுக்கும் பதிந்த திகதி தரப்பட்டிருக்கும். கொள்வனவு நிகழ்ந்த திகதியும் பெரும்பாலும் அருகே இருக்கும். இரண்டுக்கும் இடையே ஒரு வாரம் இருந்தால் நாம் கூறும் இடர் நிகழ்ந்ததென்று ஐயுறலாம். கைத்தொலைபேசித் திரையிலோ இதனை நிகழும்போதே காணலாம். Pending என்ற தலைப்பின்கீழ் இருந்த ஒரு தொகை மறைந்து, Posted என்ற தலைப்பின்கீழும் வராமல், மீதி மாத்திரம் ஏறியிருந்தால், கடை அதனை இரத்துச் செய்தது என்று நினைத்துவிடக் கூடாது. இரத்துச் செய்த கடை அதனை எழுதி அறிவிக்கும். அறிவித்தல் இல்லையேல் அத்தொகை இன்னும் வந்து பதியும் என்றே கொள்ள வேண்டும். அந்நிலையிலே திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. பின்னர் வங்கி அந்தக் காட்சியைத் தேடித் தருவது அரிது.

அடுத்து வங்கியிடம் மூன்றைக் கேட்டுப் பெறவேண்டும். கொள்வனவுக்கு அனுமதி கொடுத்த திகதியும் நேரமும், அவ்வேளையிலிருந்த பயன்படுத்தக்கூடிய மீதி, மேலதிகப்பற்றுச் சேவைக்கு இசைந்ததற்கான எழுத்துச் சான்று என்பவையே அவை. கடிதம் நீளவேண்டியதில்லை. ஏறக்குறைய இவ்வாறு எழுதலாம்:

“2ஆம் திகதி 148 டொலர் பற்று அட்டைக் கொள்வனவுக்கு நீங்கள் அனுமதி அளித்தபோது என் கணக்கில் 378 டொலர் இருந்தது. ஒரே தடவை நிகழும் அட்டைக் கொள்வனவுகளுக்கான மேலதிகப்பற்றுச் சேவைக்கு நான் இசைவு அளிக்கவில்லை. ஆகவே 9ஆம் திகதி விதித்த 35 டொலர் ஒழுங்குவிதி ஈக்கு மாறானது. அக்கட்டணம் இல்லாதிருந்தால் 11ஆம் திகதிக் கழிப்புக்குப் போதிய பணம் இருந்திருக்கும். ஆகவே அன்றைய 35 டொலரையும் 18ஆம் திகதி 25 டொலரையும் சேர்த்து 95 டொலரை மீள வரவு வைக்கும்படி கேட்கிறேன். நான் இசைந்ததாக நீங்கள் கருதினால், அதன் உறுதிப்பத்திரத்தின் பிரதியை அனுப்புக.”

தொலைபேசியிலே பேசினால் முதல் எழுத்தர் “நல்லெண்ணமாக ஒரு கட்டணத்தை நீக்குகிறோம்” என்பார். பெற்றுக்கொள்வதிலே தவறில்லை, அது எந்தக் கட்டணம் என்பதைக் கேட்டறிய வேண்டும். முதலாவதை விட்டுக் கடைசி 25 டொலரை மாத்திரம் நீக்கினால், வேர் இருந்தபடி இருக்கக் கிளை வெட்டியதாகும். ஆதலால் தொலைபேசியிலே தொடங்கினாலும் எழுத்திலே தொடர்வதே நன்று. கூற்று அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் எழுதிவிடுதல் பாதுகாப்பானது. கணக்குப் பிழைகளைப் பற்றிய முறைப்பாட்டுக்கு அதே விதி வகுத்த தவணை அதுவாகும். வங்கி மறுத்தால் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகத்துக்கு முறையிடலாம். மேற்கூறிய சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுப்பதற்கான தவணை ஓராண்டு.

வாதம் நடக்கும்போது கணக்கைக் கடனிலே விட்டுவைப்பது நல்லதன்று. அடுத்த சம்பளம் வந்ததும் வங்கி தன் கடனை எப்படியும் எடுத்துக்கொள்ளும். வராவிட்டால் சில வாரங்களிலே கணக்கை மூடி, கடனை ஈட்டும் நிறுவனத்திடம் கொடுக்கும். செக்ஸ் சிஸ்டம்ஸ் என்னும் நிறுவனத்தின் பதிவேட்டிலும் அது ஏறக்கூடும். அப்படி ஏறினால் வேறு வங்கியிலே கணக்குத் திறப்பதும் கடினமாகும். ஆகவே எதிர்ப்பைக் குறிப்பிட்டு எழுதிவிட்டு, கணக்கை மேலே கொண்டுவந்து வைத்தபின் வாதாடுதலே புத்தி. செலுத்திவிட்டமையால் உரிமை போய்விடாது.

முன்னொரு காலத்திலே இசைவு கொடுத்துவிட்டவர்கள் அதனை எந்நேரமும் மீளப் பெறலாம். பெற்றபின் வரும் கொள்வனவுகளுக்குத் தடை பொருந்தும். முன்னே விதித்தவை அதனால் நீங்கா. பணம் திரும்பியதா என்பதை அறிய, அடுத்த கணக்குக்கூற்றிலே அந்த மாதத்து மேலதிகப்பற்றுக் கட்டணங்களின் மொத்தமும் ஆண்டின் தொடக்கம் முதலான மொத்தமும் தனிக்கட்டத்தில் அச்சிடப்பட்டிருப்பதைப் பார்க்க வேண்டும். அவ்விரு மொத்தங்களையும் காட்டுவது வங்கியின் கடமை. வரவிலே 95 டொலர் தெரிகிறதா, அல்லது 35 மாத்திரம் தெரிகிறதா என்று அங்கே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.